பெரியம்மா என்னதான் கேட்கிறா?

கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு எழுதிச் செய்தி அனுப்பும் பழக்கம் இல்லை. கண் தெரியவில்லை என்பார். வட்ஸ்அப்பில் மைக் அடையாளத்தை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் கையை எடுத்தாலும் பதிவாகும் என்று அவருக்கு யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றிலிருந்து பெரியம்மா போனைக் குசினி மேசையில் சாத்தி வைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டு, கறியைத் துழாவிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக்கொண்டு பேசுவார். அங்கே இரவுச் சாப்பாடு ஆகும் நேரம் எங்களுக்கு விடிகாலை. நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரத்தில் செய்தி வந்து கிடக்கும்.

நான் விசுவமடுவில் அம்மாவோடு இருக்கிறேன். கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு கணக்கில் தரவு எது, கேட்கப்படுவது எது என்று பிரித்துக் காட்டுவதுதான் என் தொழில். பெரியம்மாவின் பதிவில் அந்தத் தொழில் செல்லாது.

நான் சொல்லப் போகும் பதிவு, பெரியப்பா அங்கே தவறி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு வந்தது. சாம்பலில் ஒரு பங்கை அங்கேயே கரைத்துவிட்டு மீதியைப் பெரியம்மா வைத்திருந்தார். ஊர்க் கடலில் கரைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. அதற்காக ஆடியில் வரப்போவதாகச் சொல்லியிருந்தார். என்னென்ன ஒழுங்கு செய்ய வேண்டும் என்று விபரமாகச் சொல்லுங்கோ என்று நான்தான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது அது. 

"பிள்ளை, பெரியம்மா கதைக்கிறன். கேக்குதோ? இஞ்சை வெயில் எண்டா அப்பிடி ஒரு வெயில். அவர் இருந்தா இப்ப வெளியிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பார். அவற்றை சப்பாத்தை நான் இன்னும் வாசலிலை இருந்து எடுக்கேல்லை. மோன் எடு எண்டுறான், நான் விடேல்லை. அது கிடக்கட்டும். டிக்கற் போடுற பொடியன் வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லுங்கோ அன்ரி, பிறகு விலை ஏறும் எண்டவன். ஆடி அமாவாசைக்கு முதல் கரைக்கிறதோ அண்டைக்குக் கரைக்கிறதோ, எனக்கென்ன தெரியும், ஐயரைக் கேட்டாத்தானே தெரியும். அந்த ஐயர் இருக்கிறாரோ? அவருக்குச் சீனி வருத்தம் எல்லே. எனக்கும் முழங்கால் மடக்கேலாது, டொக்டர் ஊசி போடுவம் எண்டுறார், ஊசி போட்ட பக்கத்து வீட்டு மனுசி இப்ப பொல்லோடை திரியுது…"

அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "ஓம் அக்கா", "ஐயோ அக்கா" என்று போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சப்பாத்து என்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டார். 

"அம்மா, இது பதிவு. அவவுக்குக் கேக்காது."

"கேக்காட்டி என்ன, நான் சொல்லக் கூடாதோ?"

நேரம் போகிறது என்று வேகத்தைக் கூட்டினேன். பெரியம்மாவின் குரல் கிரீச்சிட்டது. அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ரை அக்காவைக் கோழி மாதிரிக் கத்த வைக்காதை. ஒழுங்கா விடு."

ஒழுங்காக விட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். அதிபர் கேட்டபோது வெளிநாட்டுக் குரல்பதிவு என்று சொல்ல முடியாமல் ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது என்றேன்.

பின்னேரம் வந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். இந்த வேலைக்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. முதல் தரம் எழுதாமல் கேட்க வேண்டும். எழுதிக்கொண்டு கேட்டால் முழங்காலும் ஊசியும் தாளை நிரப்பிவிடும், அமாவாசை வரும்போது இடம் இருக்காது. இரண்டாம் தரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கேள்வி மாதிரி வருவது எல்லாவற்றையும், பதிவில் எந்த இடத்தில் வருகிறது என்ற குறிப்போடு எழுத வேண்டும். பெரியம்மா ஒரு கேள்வியை ஆரம்பத்தில் கேட்டு நடுவில் மாற்றிக் கடைசியில் வேண்டாம் என்பார். எது பிந்திச் சொன்னது என்று தெரியாவிட்டால் வேண்டாம் என்றதற்குப் பதில் அனுப்பி ஏச்சு வாங்க வேண்டி வரும்.

அதன் பிறகு வெட்டுவது. "நான் என்ன பாவம் செய்தனான்?" என்பது பதில் கேட்கும் கேள்வி அல்ல. "அந்த ஐயருக்குச் சீனி வருத்தம் எல்லே?" என்பதும் அல்ல. தானே கேட்டுத் தானே பதில் சொன்னவை இன்னொரு தொகை. மினக்கெட வைப்பவை கேள்வி உருவத்தில் வராத கேள்விகள்தான். "உங்கடை வீட்டுக் கக்கூஸிலை நான் குந்தி எழும்பினது ஒரு காலம்" என்று பெருமூச்சு விட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். முழங்காலோடு சேர்த்துப் பார்த்தால் அதன் பொருள், கொமட் பூட்டியாச்சோ என்பது. "கட்டுநாயக்கா எயார்போட்டிலை சனம் வந்து நிக்கிறதைப் பாக்க ஒரு சந்தோசம்தான்" என்றால், யார் வான் பிடித்துக்கொண்டு வருவது என்று பொருள்.

சலித்துச் சலித்து எடுத்தபோது ஐந்து தேறின. அமாவாசைக்கு முதலா அன்றைக்கா. தூரத்துக் கீரிமலைத் தீர்த்தமா, பக்கத்து முல்லைத்தீவுக் கடலா. வானுக்கு யார் சொல்வது. கொமட். சாம்பல் பெட்டியைக் கையில் கொண்டு வரலாமா என்பது ஐந்தாவது. அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. அது எயார்லைன்ஸில் கேட்க வேண்டியது. மரணச் சான்றிதழும் தகனம் செய்த சான்றிதழும் கையில் இருக்க வேண்டும், பெட்டி மெஷினில் ஊடுருவித் தெரிகிற மரமோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்க வேண்டும் என்று அறிந்திருந்தேன். ஆனாலும் டிக்கற் போடுகிற பொடியனிடமே கேளுங்கோ என்று திருப்பிவிடுவதாகக் குறித்தேன்.

ஆறாவதில் எனக்குப் பொறுமை போனது.

பெரியப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறார். எனக்குச் சித்தப்பா முறை. நாயாறு என்ற கரையோர ஊரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் தான் விரும்பிய பெண்ணைக் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவர். நெல் விதைக்கிற எங்கள் ஆட்களுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. கலியாணத்துக்கு யாரும் போகவில்லை. பெரியப்பா, எனக்குத் தம்பி இல்லை என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போனார். அண்ணன் தவறிய செய்தியையும் சித்தப்பா முகப்புத்தகத்தில்தான் அறிந்தார் என்று கேள்விப்பட்டோம்.

பதிவின் தொடக்கத்தில் பெரியம்மா, "நாயாத்துக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை, அவற்றை சொல்லை நான் மீறேலாது" என்றார். நடுவில், கறி அடிப்பிடித்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, "கொள்ளி வைச்ச மோன் லீவு எடுத்து வாறானோ தெரியாது, சகோதரம் ஒண்டு நிண்டா நல்லம்தான்" என்றார். முடியும் நேரத்தில், "அதுகள் கடலை அறிஞ்ச சனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூனைக்குச் சாப்பாடு வைக்க எழும்பிவிட்டார்.

வேண்டாம், நல்லம், கடலை அறிந்த சனம். இதை நான் எந்தக் கேள்வியாக எழுதுவது?

"சித்தப்பாவுக்குச் சொல்லுறதோ, விடுறதோ" என்று எழுதி, முதல் ஐந்துக்கும் பதில் தேடப் போனேன். அதுவும் லேசான வேலையாக இருக்கவில்லை. ஐயர் வீட்டில் பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அமாவாசைக்கு முதலா அன்றைக்கா என்று ஒரு வரிதான் கேட்டேன். தன் காலத்தில் அந்தியேட்டிக்கு எவ்வளவு சனம் வந்தது என்று தொடங்கினார். கடைசியில் மகன்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அமாவாசையண்டு விடியச் செய்வம். முல்லைத்தீவுப் பக்கம் எண்டாலும் கடல் கடல்தானே. கீரிமலைக்கு அலையத் தேவையில்லை." இரண்டு பதில் ஒன்றாகக் கிடைத்தது. அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வான்காரருக்குச் சொன்னேன். மேசன் வந்து பார்த்து, கொமட் பூட்டலாம் என்றார்.

எல்லாவற்றையும் சுருக்கிப் பெரியம்மாவுக்கு ஒரு பதிவு அனுப்பினேன். "பெரியம்மா, நீங்கள் கேட்டது இவ்வளவும்தான். ஒவ்வொண்டுக்கும் பதில் இது. சித்தப்பாவின்ரை விசயத்துக்கு நீங்கள்தான் முடிவு சொல்ல வேணும். சொல்லுறதோ, விடுறதோ? ஓம் அல்லது இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

மறுநாள் வந்த பதில் முதல் பதிவிலும் நீளம்.

"நீ என்ன பிள்ளை, கோட்டிலை வழக்குப் பேசுற மாதிரிக் கேக்கிறாய்? பெரியம்மா எப்பிடி இருக்கிறியள், சாப்பிட்டியளோ எண்டு ஒரு வார்த்தை இல்லை…"

கொமட் எந்த நிறம் என்று கேட்டார். வான்காரர் குடிக்கிறவரா என்று கேட்டார். அமாவாசையன்று விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் கிடைக்குமா என்று கேட்டார். நாயாறு என்ற சொல் அந்தப் பதிவில் எங்கும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் பேச்சு நின்றது. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு காத்தோட்டிக்காய்.

தாளை மேசையில் எறிந்தேன். "அம்மா, உங்கடை அக்காவுக்கு என்னதான் வேணும்? வெள்ளிக்கிழமை டிக்கற் போட வேணும் எண்டுறா. கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லுறா. நான் இனிக் கேக்க மாட்டன். நீங்களே கேளுங்கோ."

அம்மா நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அவ அதை உன்னட்டைக் கேக்கேல்லை, பிள்ளை."

"பின்னை?"

"செய்யச் சொல்லுறா. தன்ரை வாயாலை சொன்னா மனுசன்ரை சொல்லை மீறினதாப் போகும். நீ செய்தா, பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுது எண்டு இருந்திடலாம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அம்மா. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இரண்டு சகோதரிகளும் சொல்லாத ஒன்றைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நான் தாளும் பேனையுமாக இருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நாயாற்றுக்குப் போனேன். முல்லைத்தீவு தாண்டிக் கரையோரமாகப் போகும்போது சோளகக் காற்று ஸ்கூட்டியைச் சரித்தது. அம்மா முழு வழியும், வாசலிலை வைச்சுக் கலைச்சுவிட்டால் என்ன செய்யிறது என்று என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். 

சித்தப்பா வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. பெரியப்பாவின் அதே நெற்றி. எங்களை அடையாளம் கண்டதும், "வாங்கோ" என்றார். கதிரைகளைத் துடைத்துப் போட்டார். சித்தி தேத்தண்ணியைத் தந்துவிட்டுக் கதவு நிலையோடு நின்றுகொண்டார். அம்மா, "நீங்களும் வந்து இருங்கோ" என்று சொன்ன பிறகுதான் வந்து இருந்தார்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். பெரியம்மா வருகிறார், அமாவாசையன்று கடலில் கரைக்க வேண்டும், நீங்கள் வர வேண்டும்.

சித்தப்பா பேசத் தொடங்கினார். இந்த முறை மீன்பாடு சரியில்லை என்றார். வெளியிலிருந்து வருகிற படகுக்காரர் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறார்கள் என்றார். இயந்திரம் திருத்தக் கொடுத்த இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அண்ணன் தன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன கதை வந்தது. பிறகு மறுபடியும் இயந்திரம். இதுவும் ஒரு பதிவு, இதை நிறுத்தவும் முடியாது, வேகத்தைக் கூட்டவும் முடியாது. சித்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

இயந்திரத்துக்கு நடுவில், குரல் மாறாமல், "கடைசியிலை என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?" என்றார். எங்களின் பதிலுக்கு நிற்கவும் இல்லை. "மண்ணெண்ணெயும் இப்ப முந்தின மாதிரிக் கிடைக்கிறேல்லை" என்று தொடர்ந்தார்.

இந்த முறை எனக்குத் தாள் தேவைப்படவில்லை.

வெளியே வந்து, காற்றுப் படாமல் மதிலோடு நின்று பெரியம்மாவுக்குப் பதிவு செய்தேன். "பெரியம்மா, நாங்கள் நாயாத்துக்கு வந்திருக்கிறம். சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறார். பெரியப்பா கடைசியிலை தன்னைப் பற்றிக் கேட்டவரோ எண்டு. என்ன சொல்லுறது?"

அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் நீல அடையாளம் விழுந்தது. பதிவாகிறது என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது, நின்றது. வந்தபோது அது பெரியம்மாவின் பதிவுதானா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

"கேட்டவர் எண்டும் சொல்லாதை. கேக்கேல்லை எண்டும் சொல்லாதை. நான் வந்து சொல்லுறன். அவரை நிக்கச் சொல்லு."

முதன்முறையாகப் பெரியம்மா சுருக்கமாகப் பேசியிருந்தார். எடுத்துச் சொல்ல ஒரு பதில் மட்டும் அதில் இல்லை. எரிச்சலில் எனக்குச் சிரிப்பும் வந்தது. உள்ளே போய், பதிவைச் சித்தப்பாவுக்கே போட்டுக் காட்டினேன். என்னால் அதற்கு மேல் சுருக்க முடியாது.

அவர் தலையைக் குனிந்து கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். 

"அண்ணியின்ரை குரல் மாறேல்லை" என்றார். பிறகு, "கரையிலை நிண்டு கரைச்சா அலை திருப்பிக் கொண்டு வந்து போடும். என்ரை படகிலை போவம். விடிய வெள்ளண வரச் சொல்லு" என்றார். சித்தி எழும்பிக் குசினிக்குள் போனார்.

பெரியம்மா வெள்ளிக்கிழமை டிக்கற் போட்டார். கொமட் வெள்ளை நிறத்தில் பூட்டப்பட்டது. வான்காரர் குடிக்கிறவர் இல்லை. வரும் வழி முழுவதும் பெரியம்மா அவரோடும் பேசிக்கொண்டு வந்தார். சாம்பல் பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

அமாவாசையன்று நாயாற்றுக் கரையில் ஐயரின் மகன் தர்ப்பையும் எள்ளும் எடுத்து வைத்தார். பெரியம்மாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கிரியையில் சித்தப்பாதான் இருந்தார். பிறகு அவரும் அவருடைய மச்சானும் பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துப் படகில் ஏற்றினார்கள். முழங்கால் என்று பெரியம்மா சத்தம் போட்டார். என்னையும் வரச் சொன்னார்கள். அம்மாவோடு கரையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படகு தூரப் போய் இயந்திரம் நின்றது. பெட்டியைத் திறப்பதும் குனிவதும் தெரிந்தது. அதன் பிறகும் அவர்கள் உடனே திரும்பவில்லை. பெரியம்மாவின் கை அசைவது தெரிந்தது. சித்தப்பா குனிந்தபடியே இருந்தார். ஒரு சொல்லும் கரைக்கு வரவில்லை. அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. பிறகும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அரை நாள் போகும் என்பது ஒரு காரணம்.

திரும்பி வந்து இறங்கியபோது சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணி என்று சொல்லித் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். நாங்கள் வானுக்குப் போக ஆயத்தமானோம். ஊரில் சமைக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். சித்தி வந்து பெரியம்மாவின் முன்னால் நின்றார்.

"சமைச்சு வைச்சிருக்கிறன் அக்கா. எல்லாம் மரக்கறி. புதுச் சட்டியிலைதான் சமைச்சனான்."

பெரியம்மா அவரைப் பார்த்தார். ஒரு நீண்ட கதை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"காத்தோட்டிக்காய் கிடைச்சதோ?" என்றார் பெரியம்மா.

"ஓம் அக்கா."

பெரியம்மா சித்தியின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.